செயலி தரும் பயிற்சித்தாளா, நாமே எழுதுவதா? மூன்றாம் வகுப்புக் கழித்தலை வைத்து ஓர் ஒப்பீடு

"மூன்றாம் வகுப்பு, இனமாற்றத்துடன் கழித்தல், இருபது கணக்குகள்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒரு நிமிடத்துக்குள் பயிற்சித்தாளையும் விடைக்குறிப்பையும் தந்துவிடுகிறது. கூடவே கேட்டால் நாற்பது நிமிடப் பாடவேளைக்கான பாடக்குறிப்பும் வந்துவிடுகிறது. பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் வகுப்புக்குள் கொண்டுபோனால் பாதிப் பிள்ளைகளுக்கு அது மிக எளிதாகவும், மீதிப் பிள்ளைகளுக்கு இன்னும் நடத்தாத பாடமாகவும் அமைந்துவிடுகிறது. "இதைப் பயன்படுத்தலாமா, கூடாதா?" என்று என்னுடன் பணிபுரியும் ஆசிரியர்களும், பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்ல முடியாது, ஏனெனில் உண்மையில் நம் முன் இருப்பவை நான்கு வழிகள். செயலி தருவதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வகுப்பின் விவரங்களைக் கொடுத்துச் செய்து தரச் சொல்லலாம். பாடநூலை அடித்தளமாக வைத்து, எண்களுக்கு மட்டும் கருவியின் துணையை நாடலாம். முழுவதையும் கையால் எழுதலாம்.

பொதுவாகப் பேசினால் இந்த நான்குக்கும் இடையிலான வேறுபாடு விளங்காது என்பதால், ஈரிலக்க எண்களில் இனமாற்றத்துடன் கழித்தல், அதாவது கடன் வாங்கிக் கழித்தல், என்ற ஒரே பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். நான் 32 பிள்ளைகள் உள்ள வகுப்பில் நடத்திய பாடம் இது.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதல் அளவுகோல், பாடத்திட்டத்தில் நாம் நிற்கும் இடம். கழித்தலைப் பாடநூல் ஒரே மூச்சில் கற்பிப்பதில்லை. இனமாற்றம் இல்லாத ஈரிலக்கக் கழித்தல், பிறகு ஒரு முறை இனமாற்றம், பிறகு மூவிலக்கம், கடைசியில் நடுவில் பூச்சியம் வரும் 502 − 278 போன்றவை என்று படிப்படியாகவே ஏற்றுகிறது. ஒரு தாளில் உள்ள கணக்கு வகுப்பின் பெயருக்குப் பொருந்தினாலும், இந்தப் படிகளில் நாம் இன்று நிற்கும் படிக்குப் பொருந்தாமல் போகலாம். பாடநூல் பயன்படுத்தும் சொல்லும் முறையும் இதில் அடங்கும். குச்சிக் கட்டைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக்கிக் காட்டிய வகுப்பில், கீழ் எண்ணோடு பத்தைக் கூட்டிக்கொள்ளும் வேறொரு முறையில் தீர்த்துக் காட்டிய தாள் வந்தால், இரண்டு முறைகளும் சரியானவையாக இருந்தும் பிள்ளை குழம்பிப்போகும்.

இரண்டாவது, பிள்ளைகளின் உண்மையான நிலை. இது பாடத்திட்டத்திலிருந்து வேறானது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். இனமாற்றக் கழித்தலுக்கு இரண்டு முன்னறிவுகள் தேவை: 13 − 7 போன்ற கழித்தல்களை விரல்விட்டு எண்ணாமலாவது, எண்ணிப் பிழையில்லாமலாவது செய்யத் தெரிய வேண்டும், 53 என்பது ஐந்து பத்துகளும் மூன்று ஒன்றுகளும் என்பதோடு, நான்கு பத்துகளும் பதின்மூன்று ஒன்றுகளும்கூட என்பது தெரிய வேண்டும். பாடத்திட்டப்படி இரண்டும் முடிந்துவிட்டவை. வகுப்பில் சிலருக்கு இரண்டும் இன்னும் கைவந்திருக்காது.

மூன்றாவது அளவுகோல், தாள் பிள்ளையின் தவறை நமக்குக் காட்டுகிறதா என்பது. பெரும்பாலோர் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அளவுகோல் இதுதான். என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமானதும் இதுதான். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் ஆகிய இருவரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகளில் பல கவனக்குறைவால் வருபவை அல்ல என்றும், பிள்ளை தனக்குள் வைத்திருக்கும் ஒரு தவறான செயல்முறையை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருபவை என்றும் காட்டினார்கள். அந்தச் செயல்முறை எது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும். நல்ல பயிற்சித்தாள் அதை வெளியே கொண்டுவரும். மோசமான தாள் அதை மறைத்துவிடும்.

நான்காவதாக, விடைக்குறிப்பும் மொழியும் நம்பத்தக்கவையா என்று பார்க்க வேண்டும். ஐந்தாவது, செலவாகும் மொத்த நேரம். தாளை உருவாக்கும் நேரத்தை மட்டும் கணக்கிடுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும். சரிபார்க்கும் நேரம், 32 தாள்களைத் திருத்தும் நேரம், தாள் பொருந்தாமல் போனால் மறுபடி நடத்தும் பாடவேளை ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

## வழி ஒன்று: செயலி தருவதை அப்படியே பயன்படுத்துவது

சென்ற ஆண்டு ஒரு நாள் நேரமில்லாமல் இந்த வழியைத்தான் நானும் கையாண்டேன். மேலே சொன்ன ஒரு வரியைக் கொடுத்து, வந்த தாளை அச்சிட்டு, மறுநாள் காலை வகுப்பில் கொடுத்துவிட்டேன். தயாரிக்க ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. மாலையில் திருத்தும்போது ஒரே மதிப்பெண் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன். ஒன்பது பிள்ளைகள் சரியாக 12 வாங்கியிருந்தார்கள். இருபதுக்குப் பன்னிரண்டு என்றால் "பரவாயில்லை, பாதிக்கு மேல் புரிந்திருக்கிறது" என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒன்பது தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகுதான், சரியான பன்னிரண்டு கணக்குகளும் ஒன்பது பேருக்கும் ஒன்றே என்பது தெரிந்தது. அந்தப் பன்னிரண்டும் இனமாற்றமே தேவைப்படாத கணக்குகள். இனமாற்றம் தேவைப்பட்ட எட்டில் ஒன்றைக்கூட அவர்கள் சரியாகச் செய்யவில்லை. அதாவது, எந்தப் பாடத்துக்காகத் தாள் கொடுத்தேனோ அந்தப் பாடத்தில் அவர்கள் வாங்கிய மதிப்பெண் பூச்சியம்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று. எண்களைத் தேர்ந்தெடுக்காமல் கைக்கு வந்தபடி போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்ப்போம். மேல் எண்ணின் ஒன்றாம் இட இலக்கத்துக்கும் கீழ் எண்ணின் ஒன்றாம் இட இலக்கத்துக்கும் சேர்த்து மொத்தம் 100 ஜோடிகள் உண்டு. அவற்றில் மேலிருப்பது சிறியதாக வரும் ஜோடிகள் 45 மட்டுமே. மீதி 55-இல் இனமாற்றம் தேவையில்லை. ஆகவே இருபது கணக்குகள் உள்ள தாளில் ஏறத்தாழ பதினொன்றுக்குப் பாடமே தெரியாமல் சரியான விடை எழுதலாம். தலைப்பில் "இனமாற்றத்துடன்" என்று இருப்பதாலேயே எல்லாக் கணக்கிலும் இனமாற்றம் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒவ்வொரு கணக்கின் ஒன்றாம் இடத்தையும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

மீதியிருந்த எட்டைப் பார்ப்போம். அவற்றில் மூன்று, மேலே நடுவில் பூச்சியம் உள்ள மூவிலக்கக் கணக்குகள். எங்கள் பாட வரிசையில் அதற்கு இன்னும் இரண்டு வாரங்கள் இருந்தன. ஐந்துதான் ஈரிலக்க இனமாற்றக் கணக்குகள். அவற்றிலும் இரண்டு எதையும் காட்டாத கணக்குகள் என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் தாளின் தரத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

52 − 27 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 25. ஒரு பிள்ளை 35 என்று எழுதுகிறது. ஏன்? இரண்டு காரணங்கள் இருக்கலாம். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், எது மேலே எது கீழே என்று பார்க்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 7 − 2 = 5 என்று எழுதியிருக்கலாம்; பத்தாம் இடத்தில் 5 − 2 = 3. விடை 35. அல்லது, முறைப்படி ஒரு பத்தை வாங்கி 12 − 7 = 5 என்று சரியாகவே செய்துவிட்டு, கொடுத்த பத்தைக் குறைக்க மறந்து 5 − 2 = 3 என்று எழுதியிருக்கலாம். அதற்கும் விடை 35. இரண்டு பிள்ளைகளின் புரிதலுக்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் இருக்கிறது, ஆனால் தாளில் இருப்பது ஒரே எண்.

இப்போது மேல் எண்ணில் ஒன்றை மட்டும் கூட்டி 53 − 27 என்று மாற்றுங்கள். சரியான விடை 26. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பிள்ளை 34 என்று எழுதும். பத்தைக் குறைக்க மறந்த பிள்ளை 36 என்று எழுதும். விடையைப் பார்த்ததுமே எந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று தெரிந்துவிடுகிறது. விதி எளிது: ஒன்றாம் இடத்தில் இருக்கும் இரண்டு இலக்கங்களுக்கும் இடையே வித்தியாசம் 5 ஆக இருந்தால் இரண்டு தவறுகளும் ஒரே விடையைத் தரும், வேறு எந்த வித்தியாசமாக இருந்தாலும் விடைகள் பிரிந்துவிடும். என் தாளில் இருந்த 52 − 27, 81 − 36 ஆகிய இரண்டிலும் அந்த வித்தியாசம் 5. ஆக, இருபது கணக்குகளில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டவை மூன்றே.

செயலி கூடவே தந்த பாடக்குறிப்பிலும் இதே குறைதான், வேறு உருவத்தில். கற்றல் விளைவாக "மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்" என்று இருந்தது. எந்தக் கழித்தல், புரிந்ததை எப்படி அறிவது என்று அதில் இல்லை. அறிமுகம் ஐந்து நிமிடங்கள், குழுச் செயல்பாடு பதினைந்து, கலந்துரையாடல் பத்து, மதிப்பீடு பத்து என்று நேரம் கச்சிதமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆனால் 32 பிள்ளைகளைக் குழுவாக உட்காரவைத்துக் குச்சிக் கட்டுகளைக் கொடுத்து முடிப்பதற்கே ஏழெட்டு நிமிடங்கள் போய்விடும் என்பது அந்தப் பிரிவினையில் இல்லை. முன்னறிவைச் சோதிக்க ஒரு கேள்விகூட இல்லை. எங்கள் பாடநூல் பல பாடவேளைகளில் பரப்பி வைத்திருக்கும் ஈரிலக்கம், மூவிலக்கம், நடுவில் பூச்சியம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் அடைக்கப்பட்டிருந்தன.

இந்த வழியின் மறைவான செலவு இப்போது தெளிவாகத் தெரியும். தயாரிப்பில் முப்பது நிமிடங்களுக்கு மேல் மிச்சமானது. திருத்துவதில் 640 விடைகளைப் பார்த்தேன். பிறகு ஒரு பாடவேளையைச் செலவிட்டு, பிள்ளைகளின் நிலையை அறிய இன்னொரு சிறு தாளைக் கையால் எழுதிக் கொடுத்தேன். அதைவிடப் பெரிய செலவு, ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு நாள் முழுதும் தங்கள் தவறான முறையை எட்டு முறை செய்து பழக வாய்ப்புக் கொடுத்துவிட்டேன் என்பது.

ஆனாலும் இந்த வழிக்கும் இடம் உண்டு. பாடம் முழுவதும் முடிந்து, பெரும்பாலோர் தேறிய பிறகு, "இந்தக் கணக்குக்கு இனமாற்றம் தேவையா, இல்லையா?" என்று பிள்ளையே தீர்மானிக்க வேண்டிய கட்டம் ஒன்று வருகிறது. அப்போது கலந்து வருவதே நல்லது. பன்னிரண்டும் எட்டுமாகக் கலந்த அந்தத் தாளையே மாத இறுதியில் மறுபடி கொடுத்தேன். அன்று அது பொருத்தமாகவே இருந்தது.

## வழி இரண்டு: வகுப்பின் விவரங்களைக் கொடுத்துச் செய்து தரச் சொல்வது

"விவரமாகக் கேட்டால் விவரமாகக் கொடுக்கும்" என்று சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் எந்த விவரம் என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. "மூன்றாம் வகுப்பு, மெல்லக் கற்கும் மாணவர்கள், எளிமையாக வேண்டும்" என்று எழுதினால் எண்கள் சிறியவையாக வரும், தலைப்புக்குப் பக்கத்தில் ஒரு பாராட்டு வாசகம் வரும். வேறு பெரிய மாற்றம் எதையும் நான் கண்டதில்லை. மாற்றம் வர வேண்டுமானால் எண்களின் மீது நிபந்தனை வைக்க வேண்டும். நான் இப்போது கொடுப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"பன்னிரண்டு கழித்தல் கணக்குகள் வேண்டும். எல்லாம் ஈரிலக்க எண்கள். ஒவ்வொன்றிலும் மேல் எண்ணின் ஒன்றாம் இலக்கம் கீழ் எண்ணின் ஒன்றாம் இலக்கத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அந்த இரண்டு இலக்கங்களின் வித்தியாசம் 5 ஆக இருக்கக் கூடாது. இரண்டு கணக்குகளில் மட்டும் மேல் எண் பூச்சியத்தில் முடியட்டும். 'இனமாற்றம்' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும். கடைசியில் மூன்று வாக்கியக் கணக்குகள். மூன்றும் இருந்ததிலிருந்து எடுத்துவிட்டு மீதி கேட்பவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றும் இரண்டு சிறு வாக்கியங்களுக்கு மேல் போகக் கூடாது."

இப்படிக் கேட்டபோது வந்த தாள் முதல் தாளைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. ஆனால் அப்படியே கொடுக்கக்கூடியதாக இல்லை. பன்னிரண்டில் இரண்டு கணக்குகள் நிபந்தனையை மீறியிருந்தன. ஒன்றில் இனமாற்றமே தேவைப்படவில்லை, மற்றொன்றில் வித்தியாசம் 5. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறியதாகத் தாளின் கீழே உறுதிமொழி மட்டும் இருந்தது. வாக்கியக் கணக்குகளில் ஒன்று, "ஒருவனிடம் 53 பென்சில்கள், இன்னொருவனிடம் 27 பென்சில்கள், யாரிடம் எவ்வளவு அதிகம்?" என்று ஒப்பிடும் வகையாக வந்துவிட்டது. பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எதையும் எடுத்துவிடாத ஒரு கணக்கில் ஏன் கழிக்க வேண்டும் என்பது பல பிள்ளைகளுக்கு உடனே பிடிபடாது. "எவ்வளவு அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடுவார்கள். அதற்குத் தனிப் பாடமே தேவை.

மொழியையும் பார்க்க வேண்டியிருந்தது. "கீழ்க்காணும் கழித்தல் கோவைகளை மதிப்பிடுக" என்ற அறிவுறுத்தலை வாசிக்க எட்டு வயதுப் பிள்ளைக்கு அரைப் பாடவேளை ஆகும். "கழித்து விடை எழுது" என்பதே போதும். வாக்கியக் கணக்கில் பிள்ளை தவறினால், அது கணக்கில் வந்த தவறா, வாசிப்பில் வந்த தடையா என்று நமக்குத் தெரிய வேண்டும். வாக்கியம் கடினமாக இருந்தால் அது ஒருபோதும் தெரியாது.

மறைவான செலவுகள் இரண்டு. முதலாவது, சரிபார்ப்பு. நிபந்தனைகளை எழுதப் பதினைந்து நிமிடங்கள், ஒவ்வொரு கணக்கையும் விடையையும் பார்க்க இருபது நிமிடங்கள் என்று முதல் முறை முப்பத்தைந்து நிமிடங்கள் ஆயின. நிபந்தனைப் பத்தியைச் சேமித்து வைத்துக்கொண்டதால் அடுத்த முறை இருபது நிமிடங்களில் முடிந்தது. இரண்டாவது செலவு, பிள்ளைகளின் விவரம் வெளியே போவது. நிலையை விளக்கும் ஆர்வத்தில் பெயரும் மதிப்பெண்ணும் உள்ள பட்டியலைச் செயலியில் ஒட்டிவிடும் பழக்கத்தைச் சிலரிடம் பார்க்கிறேன். அது தேவையே இல்லை. "ஐந்து பேர் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறார்கள்" என்ற ஒரு வரியில் செயலிக்குத் தேவையானது எல்லாம் இருக்கிறது.

இந்த வழியின் அடிப்படை வரம்பு ஒன்று உண்டு. அந்த நிபந்தனைகளை எழுதத் தெரிய வேண்டுமானால், பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத நிலையில் எவ்வளவு நீளமாகக் கேட்டாலும் முதல் வழியின் தாள்தான் கொஞ்சம் அலங்காரத்துடன் வரும். ஆகவே பாடத்தை முன்பே சில முறை நடத்திய ஆசிரியருக்கும், ஒரே பாடத்தில் மூன்று நிலைகளுக்கு மூன்று தாள்கள் வேண்டியிருக்கும் வகுப்புக்கும் இந்த வழி மிகவும் ஏற்றது. முதல் முறை நடத்துபவருக்கு இது ஏற்றதில்லை.

## வழி மூன்று: பாடநூலே சட்டகம், கருவி எண்களுக்கு மட்டும்

இதில் பாடக்குறிப்பைச் செயலியிடம் கேட்பதே இல்லை. பாடநூலில் இன்றைய பக்கம் எது, அதில் எந்த எடுத்துக்காட்டு, எந்தச் சொல், எந்தப் படம் என்பதை நாமே எடுத்துக்கொள்கிறோம். பாடநூலில் பயிற்சிக் கணக்குகள் போதாது என்பதுதான் நம்முடைய உண்மையான குறை. அந்தக் குறைக்கு மட்டும் கருவியை நாடுகிறோம். அதற்குச் செயற்கை நுண்ணறிவுகூடத் தேவையில்லை. கணினியில் ஒரு விரிதாள் இருந்தாலே போதும். இரண்டாம் கிடைவரிசையிலிருந்து தொடங்கி, முதல் நெடுவரிசையில் மேல் எண்களையும், அடுத்ததில் கீழ் எண்களையும் எழுதிவிட்டு, பக்கத்து மூன்று கட்டங்களில் இவற்றை இடலாம்:

```
=MOD(A2,10)<MOD(B2,10)
=MOD(B2,10)-MOD(A2,10)=5
=A2-B2
```

முதல் கட்டத்தில் `TRUE` வந்தால் இனமாற்றம் தேவைப்படுகிறது. இரண்டாவதில் `TRUE` வந்தால் அந்தக் கணக்கு இரண்டு தவறுகளையும் ஒன்றாக்கிக் காட்டும், ஆகவே மாற்ற வேண்டும். மூன்றாவது விடை. செயலி தந்த எண்களையும் இதில் ஒட்டிச் சரிபார்க்கலாம். வழி இரண்டில் எனக்கு ஆன இருபது நிமிடச் சரிபார்ப்பு இதனால் ஐந்து நிமிடங்களாகச் சுருங்கியது.

பாட வரிசை, முறை, சொல் ஆகிய மூன்றும் பாடநூலிலிருந்தே வருவதால் முதல் அளவுகோலில் இந்த வழி தவறுவதில்லை. தவறைக் காட்டும் திறன் நம் கையில் இருக்கிறது. மொத்தம் இருபத்தைந்து நிமிடங்கள் ஆகின்றன. இதன் பலவீனம் இரண்டாவது அளவுகோலில் இருக்கிறது. பாடநூலே வகுப்பின் நிலைக்கு மேலே இருந்தால், அதைச் சட்டகமாகக் கொண்ட தாளும் மேலேதான் இருக்கும். 14 − 6 என்பதற்கே தடுமாறும் பிள்ளைக்கு, எவ்வளவு நுட்பமாகத் தேர்ந்த 53 − 27-ஆலும் பயனில்லை. பாடநூலுக்கு மிக நெருக்கமாக இருப்பதை வகுப்புக்கு நெருக்கமாக இருப்பதாக எண்ணிக்கொள்ளும் ஆபத்து இதில் உண்டு, எனக்கே அது நேர்ந்திருக்கிறது.

## வழி நான்கு: முழுவதும் கையால் எழுதுவது

இதைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது நிமிடங்கள் ஆகும், ஐந்து பாடங்கள் நடத்தும் ஆசிரியரால் தினமும் முடியாது. ஆனால் ஆறே கணக்குகள் உள்ள ஒரு சிறு கண்டறி தாள் என்றால் பத்து நிமிடங்களில் எழுதிவிடலாம், அதை எந்தச் செயலியிடமும் ஒப்படைக்க நான் விரும்புவதில்லை. அந்தப் பொருந்தாத் தாளுக்குப் பிறகு நான் எழுதிய ஆறு கணக்குகள் இவை: 68 − 25, 14 − 6, 53 − 27, 72 − 38, 80 − 46, 61 − 58.

முதலாவது, இனமாற்றம் இல்லாத கழித்தல் தெரிகிறதா என்று பார்க்கிறது. இரண்டாவது, அடிப்படைக் கழித்தல் கைவந்திருக்கிறதா என்று. அடுத்த இரண்டும் மேலே சொன்ன இரு தவறுகளைப் பிரிக்கின்றன. 72 − 38-க்குச் சரியான விடை 34. தலைகீழாகக் கழித்தால் 46, பத்தைக் குறைக்க மறந்தால் 44. ஐந்தாவது பூச்சியத்துக்காக. 80 − 46-க்குச் சரியான விடை 34. ஒரு பிள்ளை 40 என்று எழுதினால், பூச்சியத்திலிருந்து எதைக் கழித்தாலும் பூச்சியம் என்று எண்ணியிருக்கிறது. கடைசிக் கணக்கில் பத்தாம் இடம் ஒன்றுமில்லாமல் போவதால், பத்தைக் குறைத்ததும் குறைக்காததும் 3 என்றும் 13 என்றும் பளிச்சென்று பிரிந்து தெரியும்.

அந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் தலைகீழாகக் கழித்தவர்கள், நான்கு பேர் பத்தைக் குறைக்க மறந்தவர்கள் என்று இந்தத் தாள் பத்து நிமிடங்களில் காட்டியது. ஐவரையும் குச்சிக் கட்டுகளோடு உட்காரவைத்து, மூன்று குச்சிகளிலிருந்து ஏழை எடுக்கச் சொன்னேன். எடுக்க முடியாமல் ஒரு கட்டைத் தாங்களே அவிழ்த்த பிறகுதான் தாளுக்கு வந்தார்கள். மூன்று பாடவேளைகள் ஆயின. மற்ற நால்வருக்கும் குச்சியே தேவைப்படவில்லை. ஐந்தை அடித்து மேலே நான்கு என்று எழுதும் பழக்கம் மட்டுமே தேவைப்பட்டது. ஒரே பாடவேளையில் சரியானது. ஒன்பது பேருக்கும் ஒரே தாளைக் கொடுத்திருந்தால் நால்வருக்கு இரண்டு நாட்கள் வீண், ஐவருக்கு இரண்டு நாட்கள் போதாமல் போயிருக்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | அப்படியே எடுப்பது | விவரம் கொடுத்துக் கேட்பது | பாடநூல் சட்டகம், கருவி எண்களுக்கு | கையால் எழுதுவது |
|---|---|---|---|---|
| பாட வரிசையும் சொல்லும் | பெரும்பாலும் பொருந்தாது | நாம் சொன்ன அளவுக்குப் பொருந்தும் | முழுமையாகப் பொருந்தும் | முழுமையாகப் பொருந்தும் |
| பிள்ளைகளின் உண்மை நிலை | தெரியாது | நமக்குத் தெரிந்த அளவு | பாடநூலின் நிலை. கண்டறி தாள் தேவை | நன்றாகப் பொருந்தும் |
| தவறைக் காட்டும் திறன் | தற்செயல் | நிபந்தனையைப் பொறுத்தது | நம் கையில் | நம் கையில் |
| விடையும் மொழியும் | இரண்டையும் பார்க்க வேண்டும் | இரண்டையும் பார்க்க வேண்டும் | விடையை விரிதாள் தரும். மொழி பாடநூலுடையது | ஒரு முறை சரிபார்த்தால் போதும் |
| தயாரிக்கவும் சரிபார்க்கவும் | 5 நிமிடங்கள் | 20 முதல் 35 நிமிடங்கள் | 25 நிமிடங்கள் | 40 நிமிடங்கள். கண்டறி தாளுக்கு 10 |
| மறைவான செலவு | மறுபடி நடத்தும் பாடவேளை, பழகிப்போகும் தவறு | சரிபார்ப்பு, பிள்ளைகளின் விவரம் வெளியே போவது | பாடநூலே மேலே இருந்தால் தெரியாமல் போவது | தினமும் முடியாதது |

நேரங்கள் என் வகுப்பில் எனக்கு ஆனவை, உங்களுக்கு மாறுபடும்.

## எந்த நிலையில் எது

புதிய பாடத்தைத் தொடங்கும் வாரத்தில் நான் கையால் எழுதிய கண்டறி தாளையும் மூன்றாம் வழியையும் சேர்த்தே பயன்படுத்துகிறேன். கண்டறி தாளின் முடிவு வந்த பிறகு, இரண்டு அல்லது மூன்று நிலைகளுக்குத் தனித்தனித் தாள் தேவைப்பட்டால் இரண்டாம் வழிக்குப் போகிறேன், ஏனென்றால் அப்போதுதான் செயலிக்குச் சொல்லத்தக்க நிபந்தனை என் கையில் இருக்கிறது. முதல் வழியை மாத இறுதி மீள்பார்வைக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வேறொரு ஆசிரியரின் வகுப்பை ஒரு நாள் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அந்தப் பிள்ளைகளின் நிலையோ பாட வரிசையோ தெரியாத நிலையில், செயலியின் புதிய தாளைவிட, பாடநூலில் அவர்கள் ஏற்கெனவே முடித்த பக்கத்தைத் திருப்பிச் செய்யச் சொல்வது பாதுகாப்பானது. எந்தப் பக்கம் முடிந்தது என்பதைப் பிள்ளைகளின் நோட்டைத் திறந்தாலே பார்த்துவிடலாம்.

நாளைக் காலைக்குத் தாள் வேண்டும், கையில் பதினைந்தே நிமிடங்கள் இருக்கின்றன என்றால், இருபது கணக்குகளை விட்டுவிடுங்கள். பாடநூலில் இன்று நடத்திய எடுத்துக்காட்டை எடுத்து, ஒன்றாம் இட வித்தியாசம் 5 வராதபடி எண்களை மட்டும் மாற்றி எட்டுக் கணக்குகள் எழுதுங்கள். 32 தாள்களுக்கு 256 விடைகள்தான் திருத்த வேண்டியிருக்கும், ஒவ்வொரு தவறான விடையும் அந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும்.